பாயின் ஓரம்

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் அடித்து மூன்றாம் நாள் விடியலில்தான் ஓய்ந்தது. மணி 4.50. தலைமாட்டில் கிடந்த போன் ஒரு தரம் அதிர்ந்து அடங்கியது. எடுத்துப் பார்த்தால் வாட்ஸாப்பில் ஒரு படம். கீழே எழுத்து எதுவும் இல்லை. வணக்கம் இல்லை, ஒரு கேள்விக்குறிகூட இல்லை. அனுப்பியவன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன், இப்போது நெல் அறுக்கும் வண்டி ஓட்டுகிறான். அவன் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று காட்டியது. எதுவும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. நான் பார்ப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

படத்தில் பாம்பு.

முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் உயிரியல் நடத்தியவன் நான். பாம்பு பிடிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்து ஃபார்மலின் ஜாடிக்கு வெளியே ஒரு பாம்பையும் தொட்டதில்லை. பக்கத்து ஊர் ஒன்றில் ஒருமுறை பாம்புகளைப் பற்றிப் பேசப்போன இடத்தில் என் எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வந்தேன். அது கையிலிருந்து கைக்குப் போய், இன்று மழைக்காலமானால் வாரத்துக்கு இரண்டு மூன்று படமாவது வருகிறது. அனுப்புபவர்களில் பாதிப் பேரை எனக்கு யாரென்றே தெரியாது. பெரும்பாலானவர்கள் ஒரு சொல்லும் எழுதுவதில்லை.

ஆரம்பத்தில் இது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை எழுதினால் என்ன என்று வீட்டில் முணுமுணுத்திருக்கிறேன். பிறகு புரிந்தது, கை நடுங்குகிறவனுக்கு அந்தச் சின்ன எழுத்துப்பலகையில் தமிழ் தட்டுவது எத்தனை பெரிய வேலை என்று. சிலருக்கு எழுத்தே பழக்கமில்லை. இன்னும் சிலருக்குப் படமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைப்பு. அவர்கள் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தால் அதுவும் சரிதான். எதிரே பாம்பு கிடக்கிறது, வீட்டில் எல்லோரும் அலறிக்கொண்டிருக்கிறார்கள். இதில் கேட்க என்ன இருக்கிறது?

ஆனால் என் பக்கம் வந்து சேரும்போது அந்தப் படத்தோடு வீடும் அலறலும் வருவதில்லை. இது விஷமா என்று கேட்கிறானா? கொன்றுவிட்டோம், பாவமா என்கிறானா? எத்தனை பெரிசை அடித்திருக்கிறேன் பார் என்று காட்டுகிறானா? எங்கிருந்தோ வந்த படத்தைத் தள்ளிவிட்டு, வாத்தியாருக்குத் தெரிகிறதா பார்ப்போம் என்கிறானா? இல்லை, யாரையோ கடித்துவிட்டதா? ஒரே படத்தில் இந்த ஐந்தும் இருக்கலாம். நான்கிற்கு நிதானமாகக் காபி குடித்துவிட்டுப் பதில் போடலாம்.

இந்த வேறுபாடு எனக்கு உறைக்க ஒரு பெண்பிள்ளையின் கால் விலையாகப் போனது. அதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த விடியலுக்குத் திரும்ப வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாலை, இதே மாதிரி மொட்டையாக ஒரு படம். விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் அடிபட்டுக் கிடந்தது பாம்பு. காப்பிக்கொட்டை நிறம், கழுத்தைச் சுற்றி வெளிர் பட்டை, அதிலிருந்து வரிசையாகக் குறுக்குப் பட்டைகள், வாலை நோக்கிப் போகப்போக மங்கி மறைந்தன. நல்ல வெளிச்சத்தில் எடுத்த தெளிவான படம். ஓநாய்ப் பாம்பு என்று புத்தகங்கள் சொல்லும் வகை. வீட்டுச் சுவரேறிப் பல்லி தின்னும், விஷமில்லாதது. அரை நிமிஷத்தில் பதில் போட்டேன்: 'ஓநாய்ப் பாம்பு. விஷமில்லை. பயப்பட வேண்டாம்.' போட்டுவிட்டு, சரியாகக் கண்டுபிடித்த திருப்தியோடு டீ குடித்தேன்.

இரவு எட்டு மணிக்கு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவர்கள் வீட்டுப் பெண் விறகெடுக்கப் போனபோது காலில் ஏதோ கடித்திருக்கிறது. ஆட்டோவில் ஏற்றிப் பாதி வழி போய்விட்டார்கள். என் பதில் வந்ததும் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கால் முழங்கால் வரை வீங்கி, பல் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்த பிறகுதான் திரும்பவும் கிளம்பினார்கள். மருத்துவமனையில் அவள் ரத்தத்தை ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி எடுத்து 20 நிமிஷம் ஆடாமல் வைத்திருக்கிறார்கள். சாய்த்தபோது உறையாமல் தண்ணீராக ஓடியது. வீக்கமும் கசிவும் உறையாத ரத்தமும் கண்ணாடி விரியனின் வேலை. பிழைத்துவிட்டாள். கெண்டைக்காலில் சதை அழுகி, தோல் ஒட்டவைத்து, ஆறு மாதம் நொண்டி நடந்தாள்.

நான் பாம்பைத் தவறாகச் சொல்லவில்லை. படத்திலிருந்தது ஓநாய்ப் பாம்புதான், இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவளைக் கடித்தது அது இல்லை. கடித்ததை யாரும் பார்க்கவில்லை. கட்டைகளைப் புரட்டினார்கள், ஒரு பாம்பு கிடைத்தது, அடித்தார்கள், படம் எடுத்தார்கள். விறகுக்குள் ஒன்றுதான் இருக்கும் என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். 'கடித்ததா' என்று ஒரு சொல் கேட்டிருந்தால் ஆட்டோ திரும்பியிருக்காது.

அதற்குப் பிறகு என் கணக்கு இதுதான்: படத்தை வைத்து ஆபத்து இருக்கிறது என்று சொல்லலாம், இல்லை என்று சொல்ல முடியாது. படத்தில் நச்சுப் பாம்பு தெரிந்தால் அந்த வீட்டில் நச்சுப் பாம்பு இருக்கிறது, அது உறுதி. விஷமற்ற பாம்பு தெரிந்தால் உறுதியாவது, அந்த நொடியில் அந்த இடத்தில் அது கிடந்தது என்பது மட்டும். அதனால் எந்தப் படம் வந்தாலும், சாரைப்பாம்பென்று முதல் பார்வையிலேயே தெரிந்தாலும், என் முதல் வரி பாம்பைப் பற்றியதாக இருக்காது. 'யாரையாவது கடிச்சிருக்கா?' கடித்திருக்கிறது என்றால் அதற்கப்புறம் பாம்பின் பெயர் எனக்கே தேவையில்லை. எந்தப் பாம்பானாலும் மருத்துவமனைதான்.

இனி அந்த விடியல்.

பாம்புப் படத்தில் பாம்பைக் கடைசியாகப் பார்ப்பது என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முதலில் ஓரங்கள். பாம்பைப் படமெடுப்பவன் பாம்பை மட்டுமே பார்க்கிறான். ஓரத்தில் விழுவதெல்லாம் அவன் அறியாமல் விழுவது. அவன் எழுத மறந்ததையெல்லாம் நான் அங்கேதான் படித்தாக வேண்டும். சிவப்புச் சிமெண்ட் தரை, அதில் ஃபிளாஷ் வெளிச்சம் வெள்ளை வட்டமாகத் தெறித்திருந்தது. அப்படியானால் இருட்டு, வீட்டுக்குள். இடது பக்கம் டிரங்குப் பெட்டியின் அடிப்பாகம். பாம்பின் தலையும் முன்னுடலும் அதன் கீழே போயிருந்தன. வலது மேல் மூலையில் விரல் அகலத்துக்குப் பச்சையும் சிவப்புமாக ஏதோ இருந்தது. பெரிதாக்கினேன். கோரைப்பாயின் கரை.

அங்கேதான் தூக்கம் கலைந்தது. தரையில் யாரோ பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள். பாய்க்கும் பாம்புக்கும் இடையில் இரண்டு முழம் இருந்தால் அதிகம்.

அப்புறம் பாம்பு. கருமை, ஃபிளாஷில் கொஞ்சம் நீலம் பாய்ந்த கருமை. அதை முழுதாக நம்ப முடியாது. ஃபிளாஷ் போட்டால் ஈரமான பழுப்பும் கறுப்பாகும், பளபளக்கும் கறுப்பும் சாம்பலாகும். சட்டை உரிக்கப் போகிற பாம்பு எந்த நிறத்திலும் இருக்கும். நிறத்தை விட்டுவிட்டுப் பட்டைகளைப் பார்த்தேன். நூல் கனத்தில் வெள்ளைக் கோடுகள், சில இடங்களில் இரண்டிரண்டாகச் சேர்ந்து. கட்டுவிரியனுக்கு இந்தக் கோடுகள் வால் பக்கம் தெளிவாக இருக்கும், தலையை நோக்கிப் போகப்போக மங்கும், கழுத்துக்கருகில் பெரும்பாலும் இல்லாமலே போகும். ஓநாய்ப் பாம்புக்கு நேர் தலைகீழ், கழுத்தில் அழுத்தமாகத் தொடங்கி வாலுக்குள் கரைந்துவிடும். கிடந்ததோ பின்பாதி மட்டும். ஆனால் அந்தப் பின்பாதியில், வால் நுனி வரை, கோடுகள் தெளிவாக இருந்தன.

இன்னொரு அடையாளமும் உண்டு. கட்டுவிரியனின் முதுகெலும்பு நெடுக ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, ஆறு மூலையோடு அடுக்கிவைத்தாற்போல இருக்கும். அதைப் பார்க்கலாம் என்று இன்னும் பெரிதாக்கினேன். வாட்ஸாப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. செதில் இருக்கவேண்டிய இடத்தில் மங்கலான சதுரங்கள். முதுகு நெடுக ஒரு மினுமினுப்பு மட்டும் தெரிந்தது. அது செதிலா, ஃபிளாஷா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில், இன்னும் தெளிவாக ஒரு படம் எடுத்து அனுப்பு என்று எழுதத்தான் கை போகும். முன்பு நானும் எழுதியிருக்கிறேன். எழுதக் கூடாது. தெளிவான படம் என்றால் அவனுக்கு அர்த்தம் கிட்டே போவது. தலை தெரியவேண்டும் என்று கேட்டால் பெட்டியை நகர்த்துவான். செத்த பாம்பென்றால் குச்சியால் புரட்டுவான், சிலர் கையில் தூக்கியே காட்டுவார்கள். வெட்டுண்ட தலைக்கும் கடிக்கும் வேகம் கொஞ்ச நேரம் இருக்கும். என் சந்தேகத்தைத் தீர்க்க இன்னொருவன் விரலை நீட்டவேண்டுமா? மங்கலான படம் என்றால் மங்கலோடுதான் முடிவெடுத்தாக வேண்டும். பாதி கட்டுவிரியன் போல் தெரிந்தால் முழுக் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எழுதவில்லை, கூப்பிட்டேன்.

"சார், அது என்ன பாம்பு சார்?"

"இருக்கட்டும். யாரையாவது கடிச்சுதா?"

"இல்ல சார். யாரையும் கடிக்கல."

"பாயில யாரு படுத்திருந்தது?"

அவன் கொஞ்சம் தடுமாறினான். பாய் படத்தில் விழுந்தது அவனுக்குத் தெரியாது. "அம்மா சார்."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்காங்க சார். மூணு மணி போல வயிறு வலிக்குதுன்னு எழுந்தாங்க. ராத்திரி சாப்பிட்டது சேரலன்னு ஓமத்தண்ணி குடுத்தோம். ஒருவாட்டி வாந்தி. அப்பத்தான் லைட்டப் போட்டு இதப் பாத்தோம்."

"கடிச்ச தடம்?"

"பாத்தோம் சார். ஒண்ணுமே இல்ல. வலியும் இல்லன்னு சொல்றாங்க."

அதுதான் இந்தப் பாம்பின் சூது. கட்டுவிரியனின் பல் மிகச் சிறியது. கடித்த இடத்தில் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, தடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. தரையில் தூங்குகிறவர்களை நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் கடிக்கும். கடிபட்டவர் விழிப்பது கடியால் அல்ல, பின்னால் வரும் வயிற்றுவலியால். அஜீரணம் என்று சோடா குடித்துப் படுத்தவர்கள் உண்டு. கடிக்கவில்லை என்று அவன் சொன்னதில் பொய் இல்லை. யாரும் கடியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். என்னுடைய முதல் கேள்விக்கும் இப்படி ஒரு பொத்தல் இருக்கிறது என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

"அம்மாவ முகட்டைப் பார்க்கச் சொல்லு. கண்ண இறக்காம பாத்துக்கிட்டே இருக்கட்டும். நீ இமையப் பாரு."

ஏதோ சொல்கிறான், அவள் ஏதோ சொல்கிறாள். அரை நிமிஷம் இருக்கும்.

"சார், தூக்கக் கலக்கமா இருக்காங்க சார். இமை எறங்கிடுது."

"ரெண்டு கண்ணுமா?"

"ரெண்டும்."

"மூச்ச இழுத்து ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணச் சொல்லு."

போனில் எனக்கே கேட்டது. பதினொன்றில் நின்றாள். மூச்சிழுத்துவிட்டுத் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். குரலில் மூக்கடைத்தாற்போல ஒரு மாற்றம்.

108-ஐ அழைக்கச் சொன்னேன். வாந்தி எடுப்பதால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்கவும், கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம் என்றும், குடிக்க எதுவும் தர வேண்டாம் என்றும் சொன்னேன். பக்கத்து ஊரில் ஒரு சின்ன நர்சிங் ஹோம் இருக்கிறது. அங்கே போய்விட்டு அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி என்று அவன் பேசத் தொடங்கியபோது கொஞ்சம் அதட்டினேன். நச்சுமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் இரண்டும் இருக்கிற இடத்துக்கு நேராகப் போக வேண்டும் என்றேன். பாம்பை அடித்து எடுத்துவரட்டுமா என்றான். கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடு, உன்னோடு பாம்பு வரவேண்டியதில்லை என்றேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், படம் எடுப்பதற்காகவே கால் மணி நேரத்தைத் தொலைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாம்பைக் காட்டினால்தான் மருத்துவர் ஊசி போடுவார் என்று ஒரு நம்பிக்கை. நம் நாட்டில் கிடைக்கும் நச்சுமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்யப்படும் ஒரே மருந்து. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு நம்மூரிலிருந்துதான் போகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கப்பட்டது. அங்கே பிடித்துவரும் பாம்புகளிலிருந்து விஷம் எடுக்கிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுப்பதுதான் மருந்து. ஆக மருத்துவர் பார்ப்பது பாம்பை அல்ல, ஆளை. இமை இறங்குகிறதா, ரத்தம் உறைகிறதா, கால் வீங்குகிறதா. என் போனுக்கு வரும் படம் அந்த வரிசையில் கடைசியில் நிற்கிற ஒன்று.

அந்த அம்மா ஐந்து நாள் சுவாசக் கருவியில் இருந்தாள். மருந்து ஏற்றியும் மறுநாள் நிலை இன்னும் மோசமானதும் பையன் பயந்துபோய் எனக்கு அழைத்தான். மருந்து வேலை செய்யவில்லையோ என்று கேட்டான். கட்டுவிரியனில் அது அப்படித்தான். ரத்தத்தில் ஓடுகிற விஷத்தைத்தான் மருந்து பிடிக்கும். நரம்பு முனைகளுக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்டதை அதால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த முனைகள் மறுபடி வளர்ந்து வருகிற வரைக்கும் இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதுவரை நோயாளி கண்ணைத் திறக்கமாட்டார், விரலை அசைக்கமாட்டார், பாவை வெளிச்சத்துக்குச் சுருங்காமலும் போகலாம். பார்க்கிறவர்கள் ஆள் போய்விட்டதாகவே நினைப்பார்கள்.

ஆனால் காது கேட்கும். இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், அந்த அம்மாவிடம் கேட்டபோதுதான் மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாம் நாள் படுக்கையருகே நின்று அவளுடைய நாத்தனார், தூக்கிப்போக வண்டிக்குச் சொல்லிவைக்கலாமா என்று யாரிடமோ கேட்டாளாம். "எனக்கு எல்லாம் கேக்குது சார். கத்தறேன், வாய் வரல. கண்ணத் தொறக்கறேன், தொறக்கல" என்றாள். நாத்தனாரோடு இன்றுவரை பேச்சு வார்த்தை கிடையாது.

சொல் இல்லாத படத்தில் ஒரு வசதியும் இருக்கிறது. சொல்லோடு வரும் படங்கள் என்னை அதிகம் ஏமாற்றியிருக்கின்றன. 'கட்டுவிரியன் சார்' என்று எழுதி வருவதில் பாதிக்கு மேல் ஓநாய்ப் பாம்பு. எங்கள் பக்கம் உடம்பில் பட்டை இருந்தால் எல்லாமே கட்டுவிரியன். 'விரியன்' என்று மட்டும் வந்தால் இன்னும் சிக்கல். அந்த ஒரே சொல்லுக்குள் கட்டுவிரியனும் இருக்கிறது, கண்ணாடி விரியனும் இருக்கிறது. ஒன்று வலிக்காமல் மூச்சை நிறுத்தும், மற்றது வலியிலும் வீக்கத்திலும் ரத்தத்திலும் காட்டும். இரண்டும் வேறு வேறு குடும்பம், பெயரில்தான் உறவு. 'மலைப்பாம்புக் குட்டி சார், பையன் தூக்கி விளையாடறான்' என்று ஒருமுறை வந்த படத்தில் முதுகு நெடுக மூன்று வரிசைச் சங்கிலிப் புள்ளிகள். கண்ணாடி விரியன். எழுதியவருக்கு ஐயமே இல்லை. அவர் எழுதியதைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்ததால் தப்பித்தோம்.

இன்னொரு வசதி, சும்மா தள்ளிவிடுகிற படங்களைக் கொஞ்சம் சுலபமாகப் பிரிக்கலாம். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் உதிர்ந்துவிடும். இன்று எடுத்ததா, மூன்று வருஷம் முன் வேறு மாநிலத்தில் எடுத்ததா என்று படம் சொல்லாது. ஆனால் வீட்டில் பாம்பு இருக்கிறவன் நான் அழைத்தால் முதல் மணியிலேயே எடுப்பான். தள்ளிவிட்டவன் எடுக்கவேமாட்டான், அரைமணி கழித்து ஒரு சிரிப்புப் பொம்மை வரும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக 2020-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதைப் படித்ததிலிருந்து சிரிப்புப் பொம்மைக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. நூறு பேருக்கு வீணாக அழைத்தாலும் பரவாயில்லை.

போன வாரம் வந்த ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். யாரென்று தெரியாத எண். மாலை ஆறு மணி. படத்தில் பாம்பே இல்லை. குளியலறைச் சுவர், அடியில் தண்ணீர் போகும் ஓட்டை, ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் குவளை. நானும் பத்து நிமிஷம் பெரிதாக்கி, குவளைக்குப் பின்னால், குழாய்க்கு மேலே, தரையின் ஈரத்தில் என்று தேடினேன். பொறுமை போய் அழைத்தேன். ஒரு பெண் குரல். யாரையும் கடிக்கவில்லை. யாருக்கும் வயிற்றுவலி இல்லை, வாந்தி இல்லை. எல்லோரும் கட்டிலில்தான் படுக்கிறார்கள்.

"அது உள்ள போயிருச்சுங்க ஐயா. அதான் அந்த எடத்த எடுத்து அனுப்புனேன்."

பாம்பு எப்படி இருந்தது என்று கேட்டேன். கறுப்பாக, நீளமாக என்றாள். எல்லாப் பாம்பும் அப்படித்தான். இந்தப் படம் பாம்பின் பெயரைக் கேட்கவில்லை, இன்று ராத்திரி பிள்ளைகளோடு இங்கே தூங்கலாமா என்று கேட்கிறது. அதற்குப் பதில் இருந்தது. ஓட்டைக்கு நெருக்கமான கம்பிவலை அடியுங்கள், திருகாணி போட்டு. இன்றைக்கு ராத்திரிக்கு ஒரு செங்கலைத் துணி சுற்றி அடையுங்கள். கொசுவலையைக் கட்டில் மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகுங்கள். எழுந்தால் டார்ச் இல்லாமல் காலைக் கீழே வைக்காதீர்கள். கொல்லையில் எலி வளை இருந்தால் அதையும் பாருங்கள், எலிக்காகத்தான் வருகிறது. சரிங்க ஐயா, சரிங்க ஐயா என்று கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் மதியம் அதே எண்ணிலிருந்து ஒரு படம். கீழே எழுத்து இல்லை. அதே சுவர், அதே குவளை, ஓட்டையின்மேல் புதுக் கம்பிவலை. ஓரங்களிலிருந்து ஆரம்பித்து மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்று திருகாணி இருந்தது. நாலாவது இருக்கவேண்டிய இடத்தில் வலை சுவரைவிட்டுக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி.

'வலது கீழ் மூலை' என்று எழுதி அனுப்பினேன்.